முடித்த படங்களின் ஃபோல்டரிலிருந்து வாரம் ஒரு பதிவு: சிறார் நூல் ஓவியர்களுக்கான நடைமுறை

சிறார் நூல்களுக்குத் தனியாக வேலை செய்து கொடுக்கும் ஓவியரின் கணினியில் 'முடிந்தவை' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். நாலைந்து ஆண்டு உழைப்பு அதற்குள் கிடக்கும். இன்ஸ்டாகிராம் பக்கத்திலோ கடைசிப் பதிவு போன பொங்கலுக்குப் போட்டதாக இருக்கும். இன்று எதைப் போடலாம் என்று ஒரு மாலை அந்த ஃபோல்டரைத் திறந்தால், படத்தைத் தேடி எடுக்கவே ஒரு மணி நேரம் போய்விடும். அளவு மாற்றவும் கேப்ஷன் எழுதவும் இன்னொரு மணி நேரம். இரண்டு வாரம் இப்படி ஓட்டலாம். மூன்றாவது வாரம் ஏதாவது டெட்லைன் குறுக்கே வந்து பழக்கம் அறுந்துவிடும்.

படத்தைத் தேர்வது, அனுமதியைப் பார்ப்பது, கோப்பைத் தயார் செய்வது, எழுதுவது என்ற நாலு வேலையும் ஒரே மாலையில் வந்து விழுவதுதான் இதில் சிக்கல். தேர்வையும் அனுமதியையும் ஒரே முறை உட்கார்ந்து முடித்துவிட வேண்டும். கோப்பும் எழுத்தும் மாதம் ஒருமுறை. வாரத்துக்கு மிஞ்சுவது அரை மணி நேர வேலைதான்.

முதல் அமர்வுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஃபோல்டரில் 64 படங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்பிரெட்ஷீட்டைத் திறந்து படத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: கோப்பின் பெயர், எந்த நூல், முடித்த மாதம், காட்ட அனுமதி உண்டா, எந்தத் தேதிக்குப் பிறகு காட்டலாம், ஸ்கெட்ச் கைவசம் இருக்கிறதா, போட்ட தேதி. இந்த ஏழு பத்தி போதும். இருபது பத்தி வைத்துத் தொடங்கும் அட்டவணையை இரண்டாம் மாதம் யாரும் நிரப்புவதில்லை.

அனுமதிப் பத்தியை நிரப்பும்போதுதான் பலர் திடுக்கிடுவார்கள். நம் கையால் வரைந்த படம் நம்முடையதுதானே என்று நினைப்பது இயல்பு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17(பி) வேறு மாதிரிச் சொல்கிறது: ஒருவர் கேட்டுக்கொண்டதற்காகப் பணம் பெற்று வரைந்த ஓவியத்துக்கு, மாறான ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், கேட்டவரே முதல் உரிமையாளர். வரைந்தவர் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை பிரிவு 57இன்படி நம்மிடமே இருக்கிறது. ஆனால் அது படத்தை நம் விருப்பப்படி வெளியிடும் உரிமை ஆகாது. ஒப்பந்தத்தில் 'ஓவியர் தன் வேலையின் மாதிரியாகக் காட்டிக்கொள்ளலாம்' என்று ஒரு வரி இருந்தால் கவலையில்லை. அந்த வரி இல்லாத பழைய வேலைகளுக்கு ஒரு மின்னஞ்சல் போதும்: "வணக்கம். இந்த நூலுக்காக வரைந்த படங்களில் மூன்றை, நூல் வெளிவந்த பிறகு, என் இணையதளத்திலும் இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் வேலையின் மாதிரியாகக் காட்ட உங்கள் சம்மதம் வேண்டும். நூல், எழுத்தாளர், பதிப்பகம் பெயர்களைக் குறிப்பிடுவேன்." 'படங்களைப் பயன்படுத்தலாமா' என்று பொதுவாகக் கேட்டால் எதிரில் இருப்பவருக்குத் தயக்கம் வரும். எத்தனை படம், எங்கே, எப்போது என்று எண்ணிச் சொன்னால் பெரும்பாலும் ஒரே வரியில் 'சரி' வந்துவிடும். அந்தப் பதிலை பிடிஎஃப் ஆக்கி அந்தந்த நூலின் ஃபோல்டருக்குள்ளேயே போட்டுவையுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்துக்கு வரைந்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்குள்ள படைப்புகளில் பெரும்பாலானவை சிசி பிஒய் 4.0 உரிமத்தில் வருகின்றன; உரியவர்களின் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டு யாரும் பகிரலாம், வரைந்தவரும் பகிரலாம்.

தேதிப் பத்தி இன்னும் முக்கியம். தமிழ்ப் பதிப்பகங்கள் பல, புதிய நூல்களைச் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி வெளியிடுகின்றன. ஆடி ஆவணியில் முடித்துக் கொடுத்த படம் தைமாதம் வரை வெளியே தெரியக்கூடாது. ஆக, ஃபோல்டரில் புதிதாகவும் நன்றாகவும் இருப்பவை எல்லாம் ஜனவரிக்குப் பிறகுதான் கைக்கு வரும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான வாரங்களைப் பழைய வேலைகளை வைத்தே ஓட்ட வேண்டும். இதை முன்கூட்டியே அறிந்தால் நல்ல பழைய படங்களை மே மாதத்திலேயே தீர்த்துவிட மாட்டீர்கள்.

இந்த இரண்டு பத்தியும் நிரம்பியதும், நம் உதாரணத்தின் 64இல் 9 படங்கள் நூல் வெளிவரக் காத்திருப்பவை, 5 படங்களுக்கு இன்னும் பதில் வரவில்லை. மீதி 50. இப்போதுதான் ரசனைக்கு வேலை. ஒவ்வொரு படத்திடமும் கேட்க வேண்டிய கேள்வி, நன்றாக இருக்கிறதா என்பதல்ல. இதே மாதிரி இன்னொரு வேலை வந்தால் சந்தோஷமாக ஒத்துக்கொள்வேனா என்பது. கல்யாண அழைப்பிதழ் கேலிச்சித்திரம் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், அதைப் போட்டால் கல்யாண அழைப்பிதழ் கேட்டுத்தான் ஆள் வரும். அப்படி 14 கழிகிறது. கை பழகாத காலத்துப் படங்கள் 6 கழிகின்றன. மிச்சம் 30.

முப்பது படம் என்றால் முப்பது வாரம் என்று கணக்குப் போடாதீர்கள். சிறார் நூலுக்கு ஓவியர் தேடும் கலை இயக்குநர் முதலில் பார்ப்பது, ஒரே பாத்திரம் பக்கத்துக்குப் பக்கம் அதே ஆளாக இருக்கிறதா என்பதைத்தான். முன்பக்கத்தில் ஆறு வயதாகத் தெரிந்த சிறுமி பின்பக்கத்தில் பத்து வயதாகத் தெரிந்தால் அந்த ஓவியரிடம் 24 பக்க நூலைக் கொடுக்கத் தயங்குவார். அதனால் ஒரே சிறுமி சிரிக்கும், ஓடும், அழும் மூன்று படங்களை ஒரே பதிவில் அடுக்கிக் காட்டுவது, மூன்று வாரம் தனித்தனியாகக் காட்டுவதைவிட வலுவானது. பிராணிகள், கூட்டக் காட்சி, கைகள் தெளிவாகத் தெரியும் படம் ஆகியவையும் தேடப்படுபவை. இப்படிச் சேர்த்தால் 30 படம் ஏறக்குறைய 22 பதிவாகும். ஐந்து மாதத்துக்குக் கவலையில்லை. வரிசை வைக்கும்போது ஒரே நூலை அடுத்தடுத்த வாரங்களில் வைக்காதீர்கள். பக்கத்தைத் திறப்பவர் கண்ணில் முதலில் படும் ஒன்பது படங்களில் குறைந்தது நாலு நூல்களாவது தெரிய வேண்டும். இல்லையென்றால் ஒரே வேலைதான் செய்திருக்கிறார் என்று தோன்றிவிடும்.

அடுத்து மாதம் ஒருமுறை செய்யும் கோப்பு வேலை. நாலு பதிவுக்கும் சேர்த்து ஒரு ஞாயிறு காலை மூன்று மணி நேரம் ஆகும். அச்சகத்துக்கு அனுப்பிய கோப்பை எடுக்காதீர்கள் என்பது முதல் விதி. அது சிஎம்ஒய்கே நிறமுறைக்கு மாற்றப்பட்டிருக்கும். அந்த மாற்றத்தில் கிளிப்பச்சையும் பளிச்சென்ற நீலமும் மங்கியிருக்கும். திரும்ப ஆர்ஜிபி ஆக்கினாலும் போன நிறம் வராது. லேயர்களோடு இருக்கும் மூலக் கோப்பிலிருந்தே தொடங்குங்கள். அதிலிருந்து `sRGB`க்கு மாற்ற வேண்டும். ஃபோட்டோஷாப்பில் இதற்கு `Convert to Profile` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பக்கத்திலேயே இருக்கும் `Assign Profile` வேறு வேலை செய்வது: நிற எண்களை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றுக்கான அர்த்தத்தை மட்டும் மாற்றிவிடும். `Adobe RGB` கோப்பில் அதை அழுத்தினால் படம் உடனே வெளிறிப்போகும். ஐபேடில் புரோக்ரியேட் வைத்து வரைபவர்கள் கேன்வாஸின் நிறப் புரொஃபைலைப் பாருங்கள். `Display P3` என்று இருந்தால், ஐபேடில் எரியும் ஆரஞ்சு வேறு பல திரைகளில் சாதாரண ஆரஞ்சாகத்தான் தெரியும். அந்த வித்தியாசத்தை நாமே பார்த்துச் சரிசெய்த பிறகு வெளியே விடுவது நல்லது.

சிறார் நூல் ஓவியருக்கு மட்டும் உரிய தலைவலி ஒன்று உண்டு. இரட்டைப் பக்கப் படம். ஒன்றை எடுத்துக் கணக்காகவே பார்ப்போம். நூலின் பக்கம் 8.5 அங்குலச் சதுரம்; இரண்டு பக்கமும் விரிந்தால் 17க்கு 8.5 அங்குலம். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 5100 x 2550. அச்சுக்காக நாலு புறமும் விட்ட 3 மில்லிமீட்டர் பிளீட் சேர்த்து 5170 x 2620 இருக்கும். அந்த 35 பிக்சல் ஓரத்தை முதலில் வெட்டிவிட வேண்டும். நூலில் யாரும் பார்க்காத இடம் அது, பல நேரம் அரைகுறையாகவே தீட்டியிருப்போம்.

படத்தில் கண்மாய்க்கரை. இடது பக்கம் ஆடு ஓட்டிப் போகும் சிறுமி, வலது பக்கம் கொக்குகள் அடைந்த கருவேல மரம். இதை அப்படியே போட்டால் கைபேசியில் 1080 x 540 என்ற ஒல்லிப் பட்டையாகத் தெரியும். நெட்டாக நிற்கும் 1080 x 1350 பதிவு பிடிக்கும் இடத்தில் பாதிகூட இல்லை. சிறுமியின் முகம் கடுகாகிவிடும்.

உடனே தோன்றும் யோசனை, படத்தை மூன்று நெட்டுத் துண்டாக வெட்டி, விரலால் தள்ளத் தள்ளத் தொடர்ந்து வருவதுபோல் வைப்பது. கணக்கு அழகாகத்தான் வரும்: 5100ஐ மூன்றாக்கினால் 1700, 1700க்கு 2125 என்பது 4:5 விகிதம், மேலே வானத்தில் 425 பிக்சலை வெட்டினால் போதும். ஆனால் போட்டுப் பாருங்கள், நடுத் துண்டு வெறுமையாக இருக்கும். நூல் மடிப்பு 2550ஆவது பிக்சலில் வருகிறது; அது நடுத் துண்டின் சரியான மையம். மடிப்பில் முகமோ கையோ விழுங்கப்படக்கூடாது என்று நாமே அந்த இடத்தைக் காலியாக விட்டு வரைந்திருப்போம். அச்சுக்குச் செய்த நல்ல காரியம் இங்கே நம் காலை வாருகிறது. தள்ளிப் பார்ப்பவர் இரண்டாவது துண்டில் புல்லையும் தண்ணீரையும் பார்த்துவிட்டு அப்படியே நகர்ந்துவிடுவார்.

மடிப்பைத் தவிர்த்துப் பக்கத்துக்கு ஒரு துண்டு எடுப்பதே மேல். முழு உயரம் 2550 என்றால் 4:5 விகிதத்துக்கு அகலம் 2040. இடது பக்கத்தில் சிறுமி நன்றாக அமரும் இடத்தில் ஒரு 2040, வலது பக்கத்தில் மரம் அமரும் இடத்தில் ஒரு 2040. மூன்றாவதாக முழுப் படத்தையும் 1080 அகலத்துக்குச் சுருக்கி, நூலின் தாள் நிறத்தில் மேலும் கீழும் இடம் விட்டு, அதே 1080 x 1350க்குள் வைக்க வேண்டும். நாலாவதாக பென்சில் ஸ்கெட்ச். முதல் துண்டில் சிறுமியைப் பார்த்தவர் மூன்றாவதில் அவள் எங்கே நிற்கிறாள் என்று கண்டுகொள்கிறார். எல்லாத் துண்டும் ஒரே விகிதத்தில் இருப்பது அவசியம். முதல் படத்தின் விகிதம்தான் மற்றவற்றுக்கும் பொருந்தும், மாறியிருந்தால் இன்ஸ்டாகிராம் தானாகவே வெட்டிவிடும்.

வெட்டுவதை எந்த மென்பொருளிலும் செய்யலாம். ஒவ்வொரு மாதமும் ஒரே அளவில் செய்வதால், கட்டளைகளை எழுதி ஓட்டும் இலவச மென்பொருளான இமேஜ்மேஜிக்கின் கட்டளைகளாக எழுதி வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம். `sRGB`க்கு மாற்றி, பிளீட் வெட்டி, ஒரே லேயராக்கிய பிஎன்ஜி கோப்பில் இவை ஓடும்:

```
magick kanmai.png -crop 2040x2550+300+0 +repage -resize 1080x1350 -quality 92 kanmai_1.jpg
magick kanmai.png -crop 2040x2550+2800+0 +repage -resize 1080x1350 -quality 92 kanmai_2.jpg
magick kanmai.png -resize 1080x -background "#f3ead9" -gravity center -extent 1080x1350 -quality 92 kanmai_3.jpg
```

300, 2800 என்ற எண்கள் துண்டு தொடங்கும் இடம். படத்துக்குப் படம் கண்ணால் பார்த்து மாற்ற வேண்டியவை. தரத்தை 90க்குக் கீழே இறக்காதீர்கள். இறக்கினால் இமேஜ்மேஜிக் நிறத் தகவலை அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைத்துச் சேமிக்கத் தொடங்கும். கறுப்பின் மேல் போட்ட சிவப்புக் கோடு ஓரத்தில் கலங்கிப்போவது அதனால்தான்.

இன்னொரு வெறுமையும் உண்டு. நூலில் கதையின் வரிகள் அமர்வதற்காக வானத்திலோ சுவரிலோ பெரிய இடம் விட்டிருப்போம். எழுத்தில்லாத மூலக் கோப்பில் அது காரணமில்லாத ஓட்டையாகத் தெரியும். அந்த இடத்தைத் துண்டுக்கு வெளியே தள்ளுங்கள். தள்ள முடியவில்லையென்றால், பதிப்பகத்தின் சம்மதத்தோடு எழுத்து அமைந்த பக்கத்தையே ஒரு படமாகக் காட்டுங்கள். எழுத்துக்கு இடம் விட்டு வரையத் தெரிந்தவர் என்பதும் கலை இயக்குநருக்கு ஒரு தகவல்தான்.

கையொப்பத்தை ஓரத்தோடு ஒட்டி வைக்காதீர்கள். இன்ஸ்டாகிராமின் முகப்புக் கட்டங்கள் 2025 தொடக்கத்தில் சதுரத்திலிருந்து 3:4 ஆக மாறின. 1080 x 1350 படத்தில் இடமும் வலமும் சுமார் 34 பிக்சல் அங்கே மறைகிறது. 60 பிக்சல் உள்ளே தள்ளிச் சிறிதாகப் போட்டால் போதும். குறுக்கே பெரிய வாட்டர்மார்க் போடுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. திருடுகிறவரைவிட, வேலை கொடுக்க வருகிறவரைத்தான் அது அதிகம் தடுக்கிறது. 1080 பிக்சல் படத்தை 300 அடர்த்தியில் அச்சடித்தால் மூன்றரை அங்குலம்தான் வரும், அதுவே ஓரளவு காவல்.

நாலு படமும் தயாரானதும் கைபேசிக்கு அனுப்பி, திரை வெளிச்சத்தைப் பாதியாக்கி, கண்ணுக்கு இதமான மஞ்சள் ஒளி அமைப்பை அணைத்துவிட்டுப் பாருங்கள். இரவுக் காட்சிகள் இங்கேதான் தோற்கும். கணினியில் ஆழ்ந்த நீலமாகத் தெரிந்தது கைபேசியில் ஒரே இருட்டாக இருந்தால், பதிவுக்கான கோப்பில் மட்டும் நடுத்தர நிழல்களைக் கொஞ்சம் தூக்குங்கள். மூலத்தைத் தொட வேண்டாம்.

எழுதுவதையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். முதல் வரி மட்டும்தான் விரிக்காமல் தெரியும். அதில் படம் எதற்காக வரைந்தது என்பது வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வரைந்தவருக்கு மட்டும் தெரிந்த ஒரு முடிவைச் சொல்லுங்கள். கண்மாய்ப் படத்துக்கு இப்படி: "ஆடு மேய்க்கும் சிறுமி பற்றிய நூலின் 6, 7ஆம் பக்கங்கள். மாலை நேரம் என்று கதையில் சொல்லவில்லை. கொக்குகள் அடைய வருவதால் தெரியட்டும் என்று மரத்தை வலது பக்கம் வைத்தேன். குவாஷ் வண்ணம், மேலே கலர் பென்சில்." கீழே எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அவர், பதிப்பகம். அவர்களைக் குறிச்சொல்லிட்டால் அவர்களின் வாசகர்களிடமும் படம் போகும். 'புதிய வேலைகளுக்குத் தயார்' என்ற வரி மாதம் ஒரு பதிவில் போதும், அதுவும் எந்த மாதத்திலிருந்து என்று சேர்த்து. படத்துக்கான மாற்று உரையை இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள்: யார், என்ன செய்கிறார், எங்கே. பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் படிப்பது அதைத்தான்; 'அழகான ஓவியம்' என்று எழுதினால் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

இனி வாரத்து அரை மணி நேரம். ஒரே கிழமை, ஒரே நேரம். முதல் வேலை, ஸ்பிரெட்ஷீட்டில் அந்த வரியைத் திறந்து தேதிப் பத்தியை மறுபடி பார்ப்பது. நூல் வெளியீடுகள் தள்ளிப்போவது சகஜம். நாலு பதிவையும் முன்கூட்டியே தானாக வெளியாகும்படி வைத்துவிட்டு மறந்தால், பதிப்பகம் அட்டையைக்கூடக் காட்டாத நூலின் உள்பக்கம் உங்கள் பக்கத்தில் வெளிவந்துவிடும். அதற்குப் பிறகு அந்த இடத்திலிருந்து வேலை வருவது சந்தேகம். ஏற்கெனவே கடையில் கிடைக்கும் நூல்களுக்கு மட்டும் தானியங்கி வெளியீட்டைப் பயன்படுத்துங்கள். தேதிக்குக் காத்திருக்கும் படங்களைக் கையால்தான் போட வேண்டும்.

பதிவு போனதும் அதே படத்தை உங்கள் இணையதளத்திலும் ஏற்றுங்கள். அங்கே விகிதக் கட்டாயம் இல்லை, இரட்டைப் பக்கத்தை 1600 பிக்சல் அகலத்தில் முழுதாகவே காட்டலாம். ஒன்று ஏறினால் ஒன்று இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 படங்களுக்கு மேல் போனால் பலவீனமான படத்தையும் சேர்த்தேதான் காட்டுகிறோம். கலை இயக்குநருக்கு மின்னஞ்சலில் போகும் சுட்டி இந்தத் தளத்தினுடையதுதான், இன்ஸ்டாகிராம் அதற்கு வழி காட்டுகிறது. கடைசியாக 'போட்ட தேதி' பத்தியை நிரப்பி, அந்த வாரம் வேலை கேட்டு யாராவது எழுதியிருந்தால் எந்தப் படத்தைப் பார்த்து என்று அந்த வரியிலேயே குறியுங்கள். கேட்டால் சொல்வார்கள். விருப்பக்குறி எண்ணிக்கையை எழுதி வைக்க வேண்டியதில்லை. அதிகம் விரும்பப்பட்ட பூனைப் படம் ஒரு வேலையும் கொண்டுவராமல் இருக்கலாம். யாரும் கண்டுகொள்ளாத வகுப்பறைக் கூட்டக் காட்சியைப் பார்த்துவிட்டுப் பாடநூல் வேலை வரலாம். ஓராண்டு கழித்து அடுத்த தேர்வு நாளில் அந்தக் குறிப்புகள் பேசும்.

கையிருப்பு 8 பதிவுக்குக் கீழே இறங்கினால் அப்போதே ஃபோல்டரைத் திறக்க வேண்டும், தீரும்வரை காத்திருக்கக்கூடாது. பதில் வராத 5 படங்களுக்கு ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். வெளிவந்துவிட்ட நூல்களின் தேதிப் பத்தியைத் திருத்துங்கள். ஒன்பது மாதத்துக்கு முன் முழுதாகக் காட்டிய படத்தை இப்போது ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கி, ஸ்கெட்ச்சோடு திரும்பக் காட்டலாம். கண்மாய்ப் படத்தில் மரத்தின் உச்சிக் கிளையில் நிற்கும் மூன்று கொக்குகள் மட்டும் 1080 x 1350க்கு ஒரு பதிவாகும். மூலத்தில் அந்தப் பகுதி குறைந்தது 1080 பிக்சல் அகலம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு வெட்டுங்கள்.